சனிக்கிழமை காலை ஏழு மணி வரை

1981 ஆகஸ்ட் 31 அன்று பிரான்ஸ் நாட்டின் சுவர்களில் ஒரு பெரிய சுவரொட்டி முளைத்தது. கடற்கரையில் நீச்சலுடையோடு ஒரு பெண். என்ன பொருள், எந்தக் கம்பெனி என்று எதுவும் இல்லை. செப்டம்பர் 2 அன்று மேலாடையைக் கழற்றப்போவதாக அவள் சொல்வதுபோல ஒரு வரி மட்டும் இருந்தது. சொன்ன தேதியில் சுவரொட்டி மாறியது, மேலாடை இல்லை. மிச்சமிருப்பது செப்டம்பர் 4 அன்று போகும் என்று புதிய வாக்கு. நாடே காத்திருந்தது. நான்காம் தேதி வந்த படத்தில் அவள் முதுகைக் காட்டி நின்றாள். கீழே, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் சுவரொட்டி நிறுவனம் என்று அவெனிர் என்ற பெயர் இருந்தது. சொன்ன நாளில் ஊர் ஊராகச் சுவரொட்டியை மாற்ற எங்களால் முடியும் என்பதுதான் அந்த நிறுவனம் விற்க வந்த சரக்கு.

பெண்ணுடலை வைத்து விளம்பரம் செய்தது சரியா என்ற சண்டை அப்போதே நடந்தது. இன்று யாரும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் டீசர் என்ற வேலையின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. கேள்வி வெட்டவெளிச்சமாக இருந்தது, விடை மட்டும் மறைந்திருந்தது. நாள் குறித்தார்கள், குறித்த நாளில் செய்தார்கள். இதே வேலையை இன்று இன்ஸ்டாகிராமில் கேரசல் பதிவுகளாகச் செய்ய நினைக்கும் சின்ன வியாபாரிகள் தடுமாறும் இடம், பெரும்பாலும் முதல் விஷயம்தான். 'விரைவில்… பெரிய அறிவிப்பு!' என்று கறுப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்தைப் போடுகிறார்கள். அங்கே விடையோடு சேர்த்துக் கேள்வியையும் மறைத்துவிட்டார்கள். எதைப் பற்றி என்றே தெரியாத ஒன்றின் மேல் யாருக்கும் ஆவல் பிறப்பதில்லை.

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994இல் இதை ஒரு கட்டுரையில் விளக்கினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆவல் எழுகிறது என்றார். இடைவெளி தெரிய வேண்டுமானால் இந்தக் கரையில் கொஞ்சம் நிலம் வேண்டும். அதாவது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். விடையை நெருங்க நெருங்க ஆவல் கூடும் என்பதும் அவர் வாதம். துப்பறியும் தொடர்கதையின் கடைசி அத்தியாயங்களை நாம் தூக்கம் கெட்டுப் படிப்பது அதனால்தான்.

கேரசல் என்பது பலருக்குத் தெரிந்ததே. ஒரே பதிவில் பல படங்கள். விரலால் இடப்பக்கம் தள்ளினால் அடுத்தது வரும். இன்ஸ்டாகிராம் 2017இல் இதைக் கொண்டுவந்தபோது பத்துப் படங்கள் வரை போடலாம். 2024இல் அது இருபது ஆனது. தள்ளினால்தான் அடுத்தது தெரியும் என்பதால், டீசருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் சுவரொட்டிக்கு இருந்த ஒரு வசதி இதற்கு இல்லை. பிரான்ஸில் பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை ஒட்டினார்கள். நேற்றைய படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. இன்ஸ்டாகிராம் ஃபீட் நாள் வரிசைப்படி ஓடுவதில்லை. உங்கள் மூன்றாவது பதிவு ஒருவருக்கு முதலில் வரும். முதல் பதிவு, பொருள் வெளியாகி இரண்டு நாள் கழித்து வரும். இன்னொருவருக்கு நடுவில் ஒன்று மட்டும் வரும். இதை மனத்தில் வைத்துத்தான் முழுத் தொடரையும் கட்ட வேண்டும்.

ஒரு கற்பனை வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு குடும்பம் சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், கருப்பட்டி கொண்டு சுக்குக் காப்பிக்குச் சரக்கு செய்து விற்கிறது. அக்காவும் தம்பியும் நடத்துகிறார்கள். இன்ஸ்டாகிராமில் இரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். புதிதாக ஒரு வில்லை செய்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுக் கலக்கினால் கருப்பட்டி உட்பட எல்லாம் கரைந்து சுக்குக் காப்பி தயார். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு விற்பனைக்கு வருகிறது.

முதலில் செய்ய வேண்டியது கடைசிப் பதிவு. சனிக்கிழமைப் பதிவை முழுதாக எழுதி, படம் பிடித்து முடித்துவிட வேண்டும். விலை, எத்தனை வில்லை, எங்கே வாங்கலாம், எத்தனை நாளில் வந்துசேரும் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு அதிலுள்ள செய்திகளை ஒரு தாளில் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். யாருக்காக, எதற்காக, எதில் செய்தது, என்ன வடிவம், எப்படி வேலை செய்கிறது, என்ன விலை. இவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் கடைசி வரை மறைக்க வேண்டும். மற்றதெல்லாம் முன்நாட்களில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய துப்புகள். இந்தச் சரக்கில் மறைக்க வேண்டியது வடிவம். வில்லை என்ற ஒரே சொல். அந்தச் சொல் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. அது தெரியாதவரை மற்றதெல்லாம் சேர்ந்து கேள்வியைக் கூராக்கிக்கொண்டே போகும். விலையை மறைத்து வைப்பதில் பயன் இல்லை என்பது என் கருத்து. விலை ஒரு புதிர் அல்ல. அதைக் கடைசிவரை இழுத்தால் இதில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம்தான் வரும்.

அடுத்தது நாட்காட்டி. நூற்றைம்பது, இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு ஒரு மாதம் காக்க வைப்பது தகாது. ஒரு வாரம் போதும். அக்காவும் தம்பியும் ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை என நான்கு டீசர், சனி காலை வெளியீடு என்று குறித்துக்கொள்ளட்டும். ஆரம்பத்தில் இரண்டு நாள் இடைவெளி, முடிவில் அரை நாள். விடையை நெருங்கும்போது துடிப்பு கூட வேண்டும் என்பது ஒரு காரணம். முதல் பதிவுகள் ஃபீடில் மெல்லப் பரவ நேரம் வேண்டும் என்பது இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கேள்வியை நிறுத்த வேண்டும். தம்பி முதலில் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'நெல்லை எக்ஸ்பிரஸ். விழுப்புரம் தாண்டியாச்சு. தொண்டை கரகரக்குது.' நல்ல வரிதான். ஆனால் அக்கா அதைப் படித்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டும். "ஏலே, தொண்டைன்னு போடாதடா. மருந்து விக்கிறோம்னு ஆயிரும்." அவள் சொல்வது சரி. உணவுப் பொருள் ஒரு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் சொல்கின்றன. பொருளின் பெயரையே சொல்லாத டீசர் என்றாலும், சனிக்கிழமை முடிச்சு அவிழும்போது இந்த வரியும் அந்தப் பொருளுக்கான வாக்காகிவிடும். சுக்குக் காப்பி என்றாலே சளி, இருமல் என்று கை தானாக எழுதும். அதனால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 'ஏ.சி. பெட்டி. குளிருது' என்று மாற்றினால் கதையும் கெடவில்லை, விதியும் மீறவில்லை.

அந்தப் பதிவை ஆறு படங்களாக வைக்கலாம். முதல் படத்தில் மேல்படுக்கை, ஒரு ஃபிளாஸ்க், இருண்ட ஜன்னல். 'விழுப்புரம் தாண்டியாச்சு. குளிருது. ஒரு சுக்குக் காப்பி கிடைச்சா?' இரண்டாவது படம்: 'ஃபிளாஸ்கில் வெந்நீர் இருக்கு. மத்ததெல்லாம் வீட்டில் இருக்கு.' மூன்றாவதில் சுக்குப்பொடி டப்பா, கருப்பட்டி, பாத்திரம், அடுப்பு, வடிகட்டி வரிசையாக. நான்காவதில் அவை ஒவ்வொன்றாக அடிக்கப்படுகின்றன. ஐந்தாவதில் மிஞ்சுவது வெந்நீரும் வெறும் டம்ளரும். ஆறாவதில்: 'இதை மட்டும் வைத்துக்கொண்டு முடியுமா? சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சொல்கிறோம்.'

இரண்டாவது படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் முதல் படத்தைப் பார்த்து, தள்ளாமல் போய்விட்டால், இன்ஸ்டாகிராம் சில சமயம் அதே பதிவை அவருக்கு மறுபடி காட்டும். இந்த முறை இரண்டாவது படத்திலிருந்து. கேரசலுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு இது. அதனால் இரண்டாவது படம் முதல் படத்தின் மீதி வாக்கியமாக இருந்தால் வீண். முதல் படத்தைப் பார்க்காதவருக்கும் அது தானாக ஒரு கதவாக நிற்க வேண்டும். 'வெந்நீர் இருக்கு, மத்ததெல்லாம் வீட்டில் இருக்கு' என்பதற்கு முன்கதை தேவையில்லை.

தள்ள வைப்பதற்கு இன்னொரு கைவேலை உண்டு. ஒரு படத்தின் வலது ஓரத்தில் ஒரு பொருள் பாதியில் வெட்டுப்பட்டு, அதன் மீதி அடுத்த படத்தின் இடது ஓரத்தில் தொடங்குவது. மூன்றாவது படத்தில் வடிகட்டியின் கைப்பிடி அப்படி வெட்டுப்பட்டால் விரல் தன்னால் தள்ளும். செய்வது சுலபம். ஆறு படம் என்றால் 1080 பிக்சல் அகலத்தை ஆறால் பெருக்கி 6480 அகலமும் 1350 உயரமும் உள்ள ஒரே நீளப் படமாக வரைந்து, பிறகு ஆறு துண்டாக வெட்ட வேண்டும். எழுத்து மட்டும் வெட்டுக்கோட்டின் அருகே வரக்கூடாது. முகப்புப் பக்கக் கட்டங்கள் 2025 முதல் மூன்றுக்கு நான்கு என்ற அளவில் தெரிவதால், நான்குக்கு ஐந்து அளவில் போட்ட முதல் படத்தின் இரு ஓரங்களிலும் சுமார் 34 பிக்சல் அங்கே காணாமல் போகும். 'ஒரு சுக்குக் காப்பி' என்பதில் முதல் எழுத்து வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஓரத்தில் 80, 100 பிக்சல் காலியாக விடுவது நல்லது.

செவ்வாய்க்கிழமைப் பதிவு கொடுக்க வேண்டிய பதிவு. நான்கு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்கு அலுத்துவிடும். இன்று சுக்குக் காப்பி வைக்கும் முறையை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்: எதை இடிப்பது, எதை வறுப்பது, கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டுவது ஏன். தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் இதைச் சேவ் செய்துவைப்பார். கடைசிக்கு முந்தின படத்தில் உண்மையான ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். கருப்பட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பொடியோடு கலந்து வைத்தால் கட்டிதட்டும். 'இதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேற வழி கண்டுபிடித்திருக்கிறோம். சனிக்கிழமை காலை 7 மணி.' கேள்வி இப்போது ஒரு படி கூராகிவிட்டது. அந்தக் குடும்பத்துக்குத் தொழில் தெரியும் என்பதும் சொல்லாமலே தெரிகிறது.

இதற்குள் கமெண்ட்டுகள் வந்திருக்கும். தொடர் சரியாகப் போகிறதா என்று காட்டுவது லைக் எண்ணிக்கை அல்ல, இவைதான். 'சூப்பர்', 'வாழ்த்துகள்' என்று மட்டும் வந்தால் கேள்வி யாருக்கும் போய்ச்சேரவில்லை. ஊகங்கள் வந்தால் போய்ச்சேர்ந்திருக்கிறது. அந்த ஊகங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 'ரயில் நிலையத்தில் கடை திறக்கிறீங்களா?' 'தானாகக் காய்ச்சும் ஃபிளாஸ்க்கா?' என்று வந்தால், எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகமாகும். மக்கள் மனத்தில் உங்கள் பொருளைவிடப் பெரிய ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளருக்கு இது நேர்ந்தது. 2001 ஜனவரியில் அவருடைய ரகசியப் பொருளைப் பற்றிய செய்தி கசிந்தது. பெயர் தெரியாமல், 'ஜிஞ்சர்' என்றும் 'அது' என்றும் பேசினார்கள். நகரங்களையே மாற்றும், கணினியைப் போலப் பெரிது என்றெல்லாம் பேச்சு. மாதக்கணக்கில் ஊகம் வளர்ந்தது. அதைச் சுருக்க முடியவில்லை. டிசம்பர் 3 அன்று தொலைக்காட்சியில் திரை விலகியபோது இருந்தது, நின்றுகொண்டு ஓட்டும் இரண்டு சக்கர வண்டி. செக்வே. தொழில்நுட்பத்தில் அது உண்மையிலேயே அருமையான வண்டி. ஆனாலும் 'இவ்வளவுதானா?' என்ற சொல் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. 2020இல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். விலையும் சாலை விதிகளும் காரணம்தான். ஆனால் அந்த முதல் ஏமாற்றத்துக்குக் காரணம் வண்டி அல்ல, அதற்கு முந்தின பதினோரு மாதம்.

ஆகவே வியாழக்கிழமைப் பதிவின் வேலை ஊகத்தைச் சுருக்குவது. அதில் இரண்டு படங்களைக் காலியாக வைத்திருந்து, புதன் இரவு கமெண்ட்டுகளைப் படித்து நிரப்ப வேண்டும். மற்ற நாட்களின் பதிவுகளை முன்னரே தயாரித்து, நேரம் குறித்து வைத்துவிடலாம்; வியாபாரக் கணக்குகளுக்கு 75 நாள் முன்பே குறித்துவைக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலேயே உண்டு. இதை மட்டும் அப்படி வைக்கக்கூடாது. 'கடை திறக்கலைங்க.' 'ஃபிளாஸ்க் இல்லைங்க.' 'நூல் கட்டிய டீ பையும் இல்லை.' ஒரு படத்துக்கு ஒரு மறுப்பு. பிறகு ஒரு கைக்குட்டைக்கு அடியில் சின்ன மேடு. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். அளவு தெரிந்துவிட்டது. விலையையும் இங்கேயே சொல்லிவிடலாம். எதிர்பார்ப்பு இப்போது பொருளின் அளவுக்கே வந்து நிற்கிறது. சனிக்கிழமை அதைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகக் கொடுக்க முடியும்.

யாராவது செவ்வாய்க்கிழமையே 'வில்லைதானே?' என்று கேட்டுவிட்டால்? அந்தக் கமெண்ட்டை அழிக்கக்கூடாது. இல்லை என்று பொய்யும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை அவரே வந்து சாட்சி சொல்வார். 'சனிக்கிழமை பார்த்துடலாம்ங்க' என்பது போதும். பத்துப்பேரில் ஏழுபேர் சரியாகச் சொல்ல ஆரம்பித்தால் நிலைமை வேறு. விடை தெரிந்தபின் காக்க வைப்பது மரியாதைக் குறைவு. வெளியீட்டை வியாழனுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காகத்தான் கடைசிப் பதிவை முதலில் செய்துவைத்தோம். பெட்டியும் கூரியரும்கூட அந்த வாரத் தொடக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

விடை ஊகத்தைவிடக் கசிவினால்தான் அதிகம் வெளியாகிறது. இணையக் கடைப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்கத் திறந்துவிட்டு மூட மறப்பார்கள். படத்தின் மூலையில் லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டி தெரியும். பார்வையற்றோருக்காகப் படத்தோடு எழுதும் விவரிப்பில் 'கைக்குட்டைக்கு அடியில் சுக்குக் காப்பி வில்லை' என்று நேர்மையாக எழுதிவிடுவார்கள். அந்த விவரிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் கண்ணால் பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அதிலும் இருக்க வேண்டும். 'கைக்குட்டைக்கு அடியில் ஏதோ ஒன்று, பத்து ரூபாய் நாணயத்தின் அகலம்' என்று எழுதினால், திரையைக் காதால் படிப்பவருக்கும் அதே புதிர் கிடைக்கும்.

வெள்ளி மாலை மூன்றே படம் போதும். அதில் ஒன்று வீடியோவாக இருக்கட்டும். கேரசலுக்குள் வீடியோவும் வைக்கலாம். டம்ளரில் வெந்நீர். மேலிருந்து எதுவோ விழும் சத்தம், 'களுக்'. விழுந்தது தெரியாத கோணத்தில் தண்ணீர் மெல்லப் பழுப்பாவது மட்டும் தெரிகிறது. கடைசிப் படத்தில் நாளும் நேரமும்.

சனிக்கிழமைப் பதிவில் இனி மறைப்பு கூடாது. முதல் படத்திலேயே உள்ளங்கையில் வில்லை, பக்கத்தில் அதன் பெயர். அன்றுதான் முதன்முதலாக வருபவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் தெரியாது. இரண்டாவது படத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல் முழுதாகக் கரைவதைக் காட்டும் வீடியோ. ஒன்றரை நிமிடம் கலக்க வேண்டுமென்றால் அந்த நேரம் திரையில் தெரியட்டும். அதை மறைத்தால் பெட்டியைப் பிரித்து வீட்டில் கலக்கும் முதல் நாளிலேயே குட்டு வெளிப்படும். மூன்றாவதில் எத்தனை வில்லை, என்ன விலை, எத்தனை நாளில் வரும். ஏழு மணி என்றால் ஏழு மணி. ஏழே காலுக்கு வந்தால் அவெனிர் கம்பெனி செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தவர்களாவோம். இருப்பு நூறு பெட்டிதான் என்றால் அதையும் அந்த மூன்றாவது படத்திலேயே சொல்ல வேண்டும். ஒரு வாரம் காத்திருந்தவர் எட்டரை மணிக்கு வந்து 'தீர்ந்துவிட்டது' என்று மட்டும் பார்க்கக்கூடாது.

அன்று மதியத்துக்குள் இன்னொரு வேலை இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பழைய நான்கு பதிவுகளும் இன்னும் உயிரோடு ஃபீடில் உலவிக்கொண்டிருக்கின்றன. வெளியீட்டுப் பதிவை முகப்பின் மேலே பின் செய்துவிட்டு, பழைய பதிவுகளின் கேப்ஷனைத் திருத்த வேண்டும். கேப்ஷனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் திறக்காமலே தெரியும் என்பதால், திருத்தம் முதல் வரியாகவே வரட்டும்: 'விடை வந்தாச்சு. எங்கள் பக்கத்தில் முதல் பதிவைப் பாருங்க.' அடுத்த செவ்வாய் இரவு யாரோ ஒருவர் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு, விழுப்புரம் தாண்டி, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை முதன்முதலாகப் பார்ப்பார். அவருக்கு அந்த ஒரு வரி வேண்டும்.